உருளையைச் சுற்றும் காற்றும் சுழியமாகும் இழுவையும்

வட்டகொடை, தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,300 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. தென்மேல் பருவக்காற்று இந்த மலைகளில் ஏறும் மாதங்களில் தேயிலைத் தொழிற்சாலைகளின் இரும்புப் புகைபோக்கிகள் நாள் முழுதும் காற்றைத் தாங்கி நிற்கின்றன. அவற்றை நாற்புறமும் கம்பிகளால் இழுத்துக் கட்டுவதற்குக் காரணத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நிமிர்ந்து நிற்கும் வட்ட உருளையைச் சுற்றிக் காற்று எப்படிப் பாயும் என்று கேட்டால், பாயி இயக்கவியலின் மிக எளிய கணிதம் வியப்பான ஒரு விடையைத் தருகிறது. காற்று அந்த உருளையைத் தன் திசையில் சிறிதும் தள்ளாது என்கிறது அது. இழுவை சுழியம்.

இந்த விடையில் கணக்குப் பிழை இல்லை. இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு மேலாக அதைப் பலர் சரிபார்த்திருக்கிறார்கள். பிழை எடுகோள்களில் இருக்கிறது என்பதிலும் இன்று பெரிய கருத்து வேறுபாடு இல்லை. எந்த எடுகோள், எந்த இடத்தில், எந்த வழியாகத் தவறுகிறது என்பதற்குத்தான் காலந்தோறும் வெவ்வேறு விடைகள் சொல்லப்பட்டன. அந்த விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை வரிசையாகப் பார்க்கிறது.

கணிதம் சொல்வது

இலட்சியப் பாய்ச்சல் என்பதில் சில எடுகோள்கள் அடங்கியிருக்கின்றன. பாயிக்குப் பிசுக்குமை இல்லை, அது நெருங்காது, அதன் துணிக்கைகள் தம்மைத்தாமே சுற்றுவதில்லை, பாய்ச்சல் நேரத்தோடு மாறுவதில்லை, உருளையின் மேற்பரப்பை விட்டு எங்கும் விலகுவதில்லை. இவ்வளவையும் ஏற்றால், தொலைவில் U வேகத்தில் வரும் காற்று உருளையின் மேற்பரப்பில் 2U sinθ என்ற வேகத்தில் நகரும். காற்று நேரே வந்து மோதும் புள்ளியிலிருந்து கோணம் θ அளக்கப்படுகிறது. மோதும் புள்ளியில் வேகம் சுழியம். பக்கவாட்டில், 90 பாகையில், அது வந்த வேகத்தின் இரு மடங்கு.

இனி பேர்னூலியின் விதி அமுக்கத்தைத் தந்துவிடும். ஒரு புள்ளியின் அமுக்கம் சுற்றியுள்ள காற்றின் அமுக்கத்திலிருந்து எவ்வளவு வேறுபடுகிறது என்பதை ½ρU² என்ற இயக்க அமுக்கத்தால் வகுத்தால் கிடைப்பது அமுக்கக் குணகம். உருளைக்கு அது:

Cp = 1 − 4 sin²θ

மோதும் புள்ளியில் Cp = +1. 30 பாகையில் அது சுழியமாகிறது. 90 பாகையில் −3 வரை இறங்குகிறது. அங்கே காற்று உருளையை வெளிப்புறமாக உறிஞ்சுகிறது. பிறகு வந்த வழியே ஏறி, 150 பாகையில் சுழியத்தைக் கடந்து, முதுகுப்புறத்தில் 180 பாகையில் மீண்டும் +1 ஆகிறது.

sin²θ முன்பாதியிலும் பின்பாதியிலும் கண்ணாடி விம்பம் போல ஒரே பெறுமதிகளைப் பெறுகிறது. முன்னால் ஒரு புள்ளியில் உள்ள அமுக்கம் அதற்கு நேர் பின்னால் உள்ள புள்ளியிலும் இருக்கிறது. ஒன்று பின்னோக்கித் தள்ளுவதை மற்றது முன்னோக்கித் தள்ளி ஈடுசெய்கிறது. கூட்டுத்தொகை சுழியம்.

இரு பாதிகளையும் தனித்தனியே தொகையிட்டால் பலர் எதிர்பாராத ஒன்று தெரியவரும். முன்பாதியின் பங்கு, விட்டத்தை அடிப்படையாகக் கொண்ட இழுவைக் குணகத்தில், −1/3. அதாவது இலட்சியப் பாய்ச்சலில் காற்று முன்பாதியைப் பின்னோக்கித் தள்ளுவதே இல்லை. மோதும் புள்ளியைச் சுற்றிய சிறு பகுதி தள்ளப்படுவது உண்மை. ஆனால் 30 பாகையைத் தாண்டியதும் தொடங்கும் உறிஞ்சல், அந்தத் தள்ளலை வென்று, முன்பாதியைக் காற்று வரும் திசையை நோக்கியே இழுக்கிறது. பின்பாதியில் அதே உறிஞ்சல் +1/3 தருகிறது. காற்று முன்னால் மோதுவதால்தான் இழுவை பிறக்கிறது என்ற பொதுவான எண்ணம் இங்கேயே ஆட்டம் காண்கிறது. முதுகுப்புறத்தில் என்ன நடக்கிறது என்பதே முழு வினாவும் ஆகிறது.

முதல் நிலைப்பாடு: சமச்சீரும் சக்தியும்

பெஞ்சமின் ரொபின்ஸ் 1742இல் பீரங்கிக் குண்டுகள் பற்றி எழுதிய நூலை லியோனார்ட் ஒய்லர் ஜெர்மன் மொழிக்குக் கொண்டுவந்து, 1745இல் விரிவான உரையோடு வெளியிட்டார். பாயி ஒரு பொருளைச் சுற்றிப் போய்ப் பின்னால் மீண்டும் சேர்ந்துகொண்டால் முன்னும் பின்னும் உள்ள அமுக்கங்கள் ஒன்றையொன்று நீக்கிவிடும் என்ற கருத்து அந்த உரையில் ஏற்கெனவே இருக்கிறது. பாயிகளின் தடையைப் பற்றிப் பேர்லின் அகாதமி அறிவித்த பரிசுக்கு ழான் லெ ரோன் டாலம்பேர் 1749இல் ஒரு கட்டுரை அனுப்பினார். 1750இல் அகாதமி பரிசை வழங்காமல் தள்ளிவைத்தது. கொள்கை பரிசோதனையோடு ஒப்பிடப்பட வேண்டும் என்று அது கேட்டது. டாலம்பேர் 1752இல் தம் கட்டுரையை நூலாக வெளியிட்டார். 1768இல் இந்த முரணை வெளிப்படையாக எடுத்துரைத்து, அதை விளக்கும் பொறுப்பைக் கணித அறிஞர்களிடம் விட்டார். இன்றும் அது அவர் பெயரால் டாலம்பேரின் முரண் எனப்படுகிறது.

முன்னும் பின்னும் ஒத்த வடிவம் என்ற வாதம் உருளைக்குப் போதும். ஆனால் சமச்சீர் இல்லாத பொருளுக்கும் இழுவை சுழியம்தான் என்பதைப் பிற்காலக் கணிதம் காட்டியது. எனவே ஆழமான காரணம் வடிவத்தில் இருக்க முடியாது. சக்தியின் கணக்கில் அது தெளிவாகிறது. அசையாத காற்றினூடே ஓர் உருளையை மாறாத வேகத்தில் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். இழுவை இருந்தால் ஒவ்வொரு விநாடியும் வேலை செய்ய வேண்டும், அந்த வேலை எங்காவது போய்ச் சேர வேண்டும். பிசுக்குமை இல்லாததால் வெப்பமாக முடியாது. பின்னால் சுழிகள் விடப்படாததால் அங்கும் தேங்க முடியாது. உருளையைச் சுற்றிய குழப்பம் அதனோடேயே நகர்கிறது, அதன் இயக்கசக்தியும் மாறுவதில்லை. போக இடமில்லாத வேலை செய்யப்படவே முடியாது. உருளை வேகத்தைக் கூட்டும்போது மட்டும் தடை உண்டு. அப்போது அது இடம்பெயர்க்கும் பாயியின் திணிவும் தன்னோடு சேர்ந்ததுபோல உருளை நடந்துகொள்ளும். மாறா வேகத்தில் அந்தத் தடையும் இல்லை.

இந்த நிலைப்பாட்டின் வலிமை, இழுவைக்கு என்ன தேவை என்பதை அது துல்லியமாகச் சொல்லிவிடுவது: சக்தி போய்ச் சேர ஓரிடம் வேண்டும். உண்மைக் காற்றில் அந்த இடம் எது என்று அது சொல்லவில்லை.

இரண்டாம் நிலைப்பாடு: உராய்வு

இயல்பாக எழும் விடை உராய்வு. நவியே 1820களிலும் ஸ்டோக்ஸ் 1845இலும் பிசுக்குமையைச் சமன்பாடுகளுக்குள் கொண்டுவந்தார்கள். அதே காலத்தில் சென் வெனான், பாயியின் உள் உராய்வைச் சேர்த்தால் முரண் மறையும் என்று வாதிட்டார். இன்றைய அறிவில் பார்த்தால் அவர் காட்டிய திசை சரி. ஆனால் அந்த விடை அப்படியே போதுமானது அல்ல. அதற்கு இரு காரணங்கள் உண்டு.

முதலாவது, உருளையே தந்த ஒரு புதிய சிக்கல். ஸ்டோக்ஸ் 1851இல் மிக மெதுவான பாய்ச்சலுக்குக் கோளத்தின் தடையைக் கணித்தார். அதே முறையில் முடிவிலி நீள உருளைக்குத் தீர்வு கிடைக்கவில்லை. ஓசீன் 1910இலும் லாம்ப் 1911இலும் அம்முறையில் விலக்கப்பட்ட சடத்துவ உறுப்பை ஓரளவு திரும்பச் சேர்த்த பிறகே அந்தத் தடை நீங்கியது. இது மெதுவான பாய்ச்சலின் கதை. புகைபோக்கியைச் சுற்றும் காற்றுக்கு இது உதவாது.

இரண்டாவது காரணம் அளவு. காற்றின் பிசுக்குமை மிகச் சிறியது. வேகத்தையும் விட்டத்தையும் பிசுக்குமையோடு ஒப்பிடும் ரெனோல்ட்ஸ் எண் ஓர் இலட்சத்தை எட்டும்போது, உருளையின் தோலை உரசும் நேரடி உராய்வு மொத்த இழுவையில் ஒரு சில வீதமே. தோல் உராய்வை நேரடியாக அளப்பது எவ்வளவு நுட்பமான வேலை என்பதை, பின்னாளில் இந்திய விண்வெளித் திட்டத்தை வழிநடத்திய சதீஷ் தவானின் ஆய்வு காட்டுகிறது. 1950களின் தொடக்கத்தில், கலிபோர்னியாத் தொழில்நுட்ப நிறுவனத்தில், தட்டையான பரப்பில் சிறு துண்டொன்றை அசையவிட்டு அதன் மீதான விசையை அவர் அளந்தார். அத்தகைய அளவீடுகளில் உராய்வுக் குணகம் ஆயிரத்தில் சில பங்குகளாகவே வருகிறது. உருளையின் இழுவைக் குணகமோ 1.2 அளவில் இருக்கிறது. இந்த இடைவெளியை நேரடி உராய்வால் நிரப்ப முடியாது.

மூன்றாம் நிலைப்பாடு: பிரிந்துபோகும் பாய்ச்சல்

ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1868இலும் கிர்ச்சொஃப் 1869இலும் வேறோர் எடுகோளை மாற்றினார்கள். பிசுக்குமை இல்லாமலேயே இருக்கட்டும், ஆனால் பாய்ச்சல் பொருளின் முதுகுவரை ஒட்டியே போக வேண்டும் என்ற கட்டாயம் எதற்கு? பொருளின் விளிம்பில் பாய்ச்சல் பிரிந்து, பின்னால் அசையாத பாயி நிறைந்த ஒரு குழியை விட்டுச் செல்லலாம். அந்தக் குழியில் அமுக்கம் ஏறாது. முன்னால் இழந்தது பின்னால் திரும்பக் கிடைக்காது. ஆகவே இழுவை பிறக்கும்.

உருளையின் முதுகில்தான் விடை இருக்கிறது என்பதைக் கண்டுகொண்ட முதல் கணிதக் கொள்கை இது. எண்கள் அதற்குச் சாதகமாக அமையவில்லை. காற்றுக்கு நேர்குறுக்கே நிற்கும் தட்டைக்கு அது தரும் இழுவைக் குணகம் ஏறக்குறைய 0.88. அளவீடோ 2ஐ ஒட்டி இருக்கிறது. குழியின் அமுக்கம் சுற்றியுள்ள காற்றின் அமுக்கத்துக்குச் சமம், அதாவது Cp = 0, என்று கொள்கை கொண்டது. உண்மையில் அங்கே பலமான உறிஞ்சல் இருக்கிறது. மேலும், கூர் விளிம்பு இல்லாத உருளையில் பாய்ச்சல் எங்கே பிரியும் என்பதை இக்கொள்கை தானாகத் தீர்மானிப்பதில்லை. வெளியிலிருந்து ஒரு நிபந்தனையைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட பிரிதளம் நிலையாக நிற்காது என்று கெல்வினும் எதிர்த்தார்.

நான்காம் நிலைப்பாடு: எல்லைப்படை

1904இல் ஹைடல்பேர்க்கில் நடந்த கணித மாநாட்டில் லுட்விக் பிராண்டில் வாசித்த சிறு கட்டுரை, உராய்வையும் பிரிதலையும் ஒரே விளக்கத்தில் இணைத்தது. பிசுக்குமை எவ்வளவு சிறிதாயினும், மேற்பரப்பைத் தொடும் காற்று அசையாது. எனவே மேற்பரப்புக்கும் வேகமான வெளிப் பாய்ச்சலுக்கும் இடையில் மெல்லிய ஒரு படை இருந்தாக வேண்டும். அந்தப் படைக்குள் உராய்வு சிறிதல்ல.

இப்படை உருளையின் மீது என்ன ஆகிறது என்பதை நெருங்கிப் பார்க்கலாம். இலட்சியப் பாய்ச்சலில் முன்பாதியில் அமுக்கம் +1இலிருந்து −3க்கு இறங்குகிறது, காற்று முடுக்கப்படுகிறது. 90 பாகையில் அதன் வேகம் 2U. ஆகவே அதன் இயக்கசக்தி, கன அளவு ஒன்றுக்கு, இயக்க அமுக்கத்தின் சரியாக நான்கு மடங்கு. இனி அது −3இலிருந்து +1க்கு ஏற வேண்டும். ஏற்றமும் சரியாக நான்கு. கையிருப்பும் தேவையும் ஒரு துளி மீதமின்றிச் சமம். ஒரு சரிவில் உருட்டிவிட்ட வண்டி எதிர்ச்சரிவில் அதே உயரத்தைத் தொடுவது போன்றது இது. வழியில் சிறிதளவு இழந்தாலும் உச்சியைத் தொட முடியாது.

எல்லைப்படைக்குள் இருக்கும் காற்று அந்த இழப்பை அடைந்துவிட்டது. ஏற்றத்தில் கொஞ்சத் தூரம் போனதும் அது நின்று, பின்னோக்கித் திரும்புகிறது. பின்னால் வரும் காற்று அதன் மேல் ஏறி, மேற்பரப்பை விட்டு விலகுகிறது. இதுவே பிரிதல். அதற்குப் பின்னால் அகன்ற, கலங்கிய பின்சுழி ஒன்று உருவாகிறது. சக்தி போய்ச் சேரும் இடம் அதுதான். இவ்வாறு உராய்வு மிகச் சிறிதாக இருந்தும், மறைமுகமாகப் பாய்ச்சலின் முழு உருவத்தையே மாற்றுகிறது. ஒரு பக்கத்துப் படையை மட்டும் சிறு துளை வழியாக உறிஞ்சியெடுத்தால் அந்தப் பக்கத்தில் பாய்ச்சல் ஒட்டியே போகிறது என்று ஓர் உருளையைக் கொண்டே பிராண்டில் காட்டினார்.

அளவிட்ட வளைகோடு இதை உறுதிசெய்கிறது. ரெனோல்ட்ஸ் எண் ஓர் இலட்சம் அளவில், மோதும் புள்ளியை அடுத்த பகுதியில் Cp இலட்சியக் கோட்டை நெருங்கியே போகிறது. பின்னர் −3ஐ எட்டாமல், 70 பாகையை ஒட்டி −1.2 அளவில் நின்றுவிடுகிறது. 80 பாகையை ஒட்டிப் பாய்ச்சல் பிரிகிறது. அதற்குப் பின் முதுகு முழுவதும் Cp −1.1 அளவில் ஏறக்குறைய மாறாமல் கிடக்கிறது. பின்பாதியில் −1.1 சீராக இருந்தால் அதன் பங்கு மட்டுமே இழுவைக் குணகத்துக்கு 1.1 தருகிறது. முன்பாதியின் பங்கு சுழியத்தை ஒட்டியே நிற்கிறது. அளவிடப்படும் 1.2இல் ஏறக்குறைய அனைத்தும் முதுகின் உறிஞ்சலே.

இந்த விளக்கத்துக்கும் ஒரு பலவீனம் உண்டு. பிராண்டிலின் மாணவர் கார்ல் ஹீமென்ஸ் 1911இல் நீரோட்டத்தில் வைத்த உருளையைச் சுற்றிய அமுக்கத்தை அளந்து, அந்த அளவுகளைக் கொண்டு எல்லைப்படையைக் கணித்தார். பிரிதல் 82 பாகையில் என்று வந்தது, அவதானிப்பும் ஏறக்குறைய அதுவே. அளந்த அமுக்கத்துக்குப் பதிலாக 1 − 4 sin²θ என்ற இலட்சிய அமுக்கத்தைக் கொடுத்தால் பிரிதல் 105 பாகையை ஒட்டி வருகிறது. பின்சுழி வெளிப் பாய்ச்சலையும் மாற்றிவிடுவதே காரணம். எனவே எல்லைப்படைக் கொள்கை, தான் விளக்க வேண்டிய அமுக்கத்தையே முன்கூட்டிப் பெற்றுக்கொள்கிறது. ஏன் பிரிகிறது என்பதை அது நன்றாக விளக்குகிறது. முதுகின் −1.1ஐ அதனால் மட்டும் கணித்துப் பெற முடியாது. ஹீமென்ஸின் நீரோட்டம் எவ்வளவு கவனித்தும் அசைந்துகொண்டே இருந்தது. அதைக் கண்ட வான் கார்மன், உருளையின் இரு பக்கமும் மாறி மாறிக் கழன்றுபோகும் சுழிகளின் வரிசையை ஆராயத் தொடங்கினார். பாய்ச்சல் நேரத்தோடு மாறாதது என்ற எடுகோளும் அங்கே விழுந்தது.

ஒரு புகைபோக்கியின் கணக்கு

இந்நிலைப்பாடுகளை ஒரு புகைபோக்கியில் பொருத்திப் பார்க்கலாம். விட்டம் 0.6 மீற்றர் என்று கொள்வோம். வட்டகொடையின் உயரத்தில், குளிரான நாளில், காற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு ஏறக்குறைய 1.05 கிலோகிராம். விநாடிக்கு 5 மீற்றர் வேகத்தில் இயக்க அமுக்கம் ஏறக்குறைய 13 பாஸ்கல். ரெனோல்ட்ஸ் எண் 1.75 இலட்சத்தை ஒட்டி வரும். இழுவைக் குணகம் 1.2 என்றால் ஒரு மீற்றர் உயரத்துக்கு விசை ஏறக்குறைய 9.5 நியூற்றன்.

வேகம் இரட்டித்து 10 மீற்றர் ஆனால் இயக்க அமுக்கம் நான்கு மடங்காகி 52 பாஸ்கலைத் தாண்டும். விசையும் நான்கு மடங்காகி 38 நியூற்றன் ஆகும் என்றே எதிர்பார்ப்போம். ஆனால் ரெனோல்ட்ஸ் எண் இப்போது 3.5 இலட்சம். ஐஃபல் 1912இல் கோளங்களில் கண்ட திடீர் வீழ்ச்சி உருளையில் இந்த எல்லையிலேயே நிகழ்கிறது. எல்லைப்படை கொந்தளிப்புப் பாய்ச்சலாகிறது. வெளியிலுள்ள வேகமான காற்றோடு கலந்து சக்தி பெற்று, ஏற்றத்தில் மேலும் தூரம் போகிறது. பிரியும் இடம் பின்னோக்கி நகர, பின்சுழி குறுகி, முதுகின் உறிஞ்சல் தளர்கிறது. வழுவழுப்பான உருளையில் குணகம் 0.3 அளவுக்கு இறங்கலாம். அப்போது விசை மீண்டும் ஏறக்குறைய 9.5 நியூற்றனே. காற்றின் வேகம் இரட்டித்தும் விசை கூடவில்லை.

இந்தக் கணக்கை நம்பிக் கம்பிகளைத் தளர்த்துவது சரியல்ல. துருவும் தகட்டு மூட்டுகளும் குழிகளும் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகின்றன. அப்போது வீழ்ச்சி முன்னதாகவே வந்துவிடுகிறது, ஆனால் ஆழம் குறைகிறது, விரைவில் குணகம் மறுபடி ஏறுகிறது. மலைக்காற்றும் ஆய்வுகூடக் காற்றுபோல் சீராக வருவதில்லை. புகைபோக்கியின் நுனிக்கு மேலாகவும் காற்று போவதால் நீண்ட உருளையின் எண்கள் அப்படியே பொருந்துவதும் இல்லை. வடிவமைப்பவர் பெரிய எண்ணையே எடுத்துக்கொள்வதற்கு இவை போதிய காரணங்கள்.

திறந்திருப்பவை

வீழ்ச்சிக்குப் பிறகு, ரெனோல்ட்ஸ் எண் மேலும் ஏற ஏற இழுவை சுழியத்தை நோக்கிப் போகுமா என்ற ஐயம் எழலாம். 1961இல் அனத்தோல் ரொஷ்கோ, அமுக்கப்பட்ட காற்றுக் குடைவில், ரெனோல்ட்ஸ் எண் 80 இலட்சத்தைத் தாண்டும்வரை அளந்தார். குணகம் 0.3இலிருந்து ஏறி, 35 இலட்சத்துக்கு அப்பால் 0.7 அளவில் நின்றது. அந்த எல்லைவரை இலட்சியச் சுழியத்தை நோக்கிய போக்கு எதுவும் தென்படவில்லை. அதற்கு மிக அப்பால் என்ன நிகழும் என்பதற்கு அளவீட்டு ஆதாரம் குறைவு.

கணிதத்திலும் வினா முடியவில்லை. பிசுக்குமையைச் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டே போவதும், தொடக்கத்திலேயே அதைச் சுழியமாக வைப்பதும் ஒன்றாக முடியுமா? ஜப்பானியக் கணித அறிஞர் டொசியோ கட்டோ 1984இல் இதற்கு ஒரு நிபந்தனை தந்தார். மேற்பரப்பை ஒட்டிய மிக மெல்லிய பட்டையில் விரயமாகும் சக்தி மறைந்தால்தான் இரண்டும் ஒன்றாகும். அது மறைகிறதா என்பது பொதுவாக நிறுவப்படவில்லை. ஹொஃப்மனும் ஜோன்சனும் இந்நூற்றாண்டில் வேறொரு வாதத்தை முன்வைத்தார்கள். இலட்சியத் தீர்வு பின்புறத்தில் நிலையற்றது, எல்லைப்படை இல்லாமலே அது கொந்தளிப்பாக மாறி இழுவையைத் தரும் என்கிறார்கள். பிராண்டிலின் விளக்கத்துக்கு மாற்றாக அது பரவலாக ஏற்கப்படவில்லை. இலட்சியத் தீர்வு நிலையானதா என்ற அவர்களின் கேள்வி மட்டும் கவனத்துக்குரியதாகவே இருக்கிறது.

இந்த நிலைப்பாடுகளை ஒருசேரப் பார்த்தால், ஒன்றையொன்று அழிப்பதைவிட ஒவ்வொன்றும் முன்னதன் குறையை நிரப்புவதே அதிகம் எனலாம். சக்திக்குப் போக்கிடம் வேண்டும் என்பது முதல் நிலைப்பாட்டின் கொடை. அந்த இடம் முதுகுப்புறம் என்பதைப் பிரிதல் கொள்கை சொன்னது. அங்கே பிரிவு ஏன் நேர்கிறது என்பதை எல்லைப்படை விளக்கியது. முதுகின் உறிஞ்சல் எவ்வளவு என்பதை அளவீடோ பெரும் கணினிக் கணிப்போ இன்றி அடிப்படை விதிகளிலிருந்தே பெறும் வழி இன்னும் கைகூடவில்லை. 1 − 4 sin²θ என்ற கோடு இன்றும் பயன் தருவது இந்த இடத்தில்தான். மோதும் புள்ளியை அடுத்த பகுதியில் அது உண்மையை ஒட்டிப் போகிறது. அதற்கு அப்பால் அளந்த கோட்டுக்கும் அதற்கும் இடையே விழும் இடைவெளியை உருளை முழுவதும் தொகையிட்டால் கிடைப்பதே ஏறக்குறைய இழுவையின் அளவு.